ஐந்து நட்சத்திர மரியாதை

மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குக் கிடைக்கும். அதையும் கதாநாயகனின் செருப்பைக் காட்டினாலே விசிலடிக்கிற கூட்டத்தின் நடுவில் காதைப் பொத்திக்கொண்டு கழித்தால் மனுஷிக்குக் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. அவிநாசி சாலையில் இருக்கிற அந்த மாலின் தியேட்டரில், இடைவேளை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் வாங்குகிற செயலியில் அந்தப் படத்துக்கு ஐந்துக்கு நாலரைக்கு மேல் போட்டிருந்தார்கள். கீழே ஆயிரக்கணக்கில் வாக்குகள். இத்தனை பேர் சேர்ந்து பொய் சொல்வார்களா என்று நம்பித்தான் வந்தோம்.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் கோபத்துக்குக் காரணம் புரியும். எங்கள் மகளுக்குப் பதினொரு வயது. பேச்சு வராது. கூட்டமும் திடீர்ச் சத்தமும் அவளுக்கு ஆகாது, கையைக் கடித்துக்கொள்வாள். அவளைத் தியேட்டருக்குள் கூட்டிப்போவது நடக்காத காரியம், தெரியாதவர்களிடம் விட்டுவிட்டுப் போவது அதைவிட நடக்காத காரியம். என்னையும் என் கணவரையும் தவிர அவள் பக்கத்தில் விடுகிற ஒரே ஆள் என் கணவரின் அக்கா. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கைக்குச் சூலூரில் வீடு, வீட்டோடு ஒட்டிச் சொந்தமாகக் கொஞ்சம் விசைத்தறி. ஆறு நாளும் தறிச் சத்தத்துக்குள் நின்றுவிட்டு, தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றை எங்களுக்குக் கொடுப்பார். காலையில் பஸ் ஏறிப் பீளமேட்டுக்கு வந்து, "நீங்க ரெண்டு பேரும் பொறப்படுங்க" என்பார். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் நாங்கள் திரும்பிவிட வேண்டும்.

அந்தச் சில மணி நேரம்தான் நானும் என் கணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேறு எதையாவது பார்ப்பது. மற்ற நாளெல்லாம் ஒருவர் குளித்தால் ஒருவர் காவல், ஒருவர் தின்றால் ஒருவர் காவல். ஆகவே படம் தேர்ந்தெடுப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு மாதம் வீண்.

அன்றைக்குப் படம் முடிந்து பார்க்கிங்கில் வண்டியைத் தேடும்போது கேட்டேன், "ஏனுங்க, எப்படி இருந்துச்சு?"

"பரவால்ல கண்ணு."

"பரவால்லைன்னா?"

"நல்லாத்தான் எடுத்திருக்காங்க."

நல்லாத்தான் எடுத்திருக்காங்களாம். இரண்டாவது பாதியில் இவர் குறட்டை விடாதது ஒன்றுதான் குறை. அதைச் சொன்னால் சிரிக்கிறார்.

அடுத்த மாதம் என் முறை. மக்கள் போடும் மதிப்பெண்ணை நம்பியது போதும், படித்தவர்கள் சொல்வதைக் கேட்போம் என்று, விமர்சகர்களின் கருத்தைத் தொகுத்துச் சதவீதமாகக் காட்டுகிற தளத்தைத் திறந்தேன். வெளிநாட்டுப் படம் ஒன்று, தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். சரி, இதில் தப்பு நடக்க வழியில்லை என்று டிக்கெட் எடுத்தேன். படத்தில் ஒரு பெண் கடற்கரை ஓரத்து வீட்டில் தன் நோயாளிக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். பாத்திரம் கழுவுகிறாள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். மறுபடியும் பாத்திரம் கழுவுகிறாள். படம் மோசம் என்று சொல்ல மாட்டேன், உண்மையாக இருந்தது. அதுதான் பிரச்சினை. வீட்டில் பார்க்கிறதையே காசு கொடுத்து இங்கே வந்து எதற்குப் பார்க்க வேண்டும்? என் கணவர் இந்த முறை உண்மையாகவே குறட்டை விட்டார்.

வெளியே வந்து கேட்டால், "பரவால்ல, கடல் நல்லா இருந்துச்சு" என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பக்கம் ரசிகர்கள் ஏமாற்றினார்கள், இன்னொரு பக்கம் விமர்சகர்கள் ஏமாற்றினார்கள். ஒரே படத்துக்கு இவர்கள் தொண்ணூறு என்றால் அவர்கள் நாற்பது என்கிறார்கள். ஒரே பொருளை இரண்டு கருவியில் அளந்து இவ்வளவு வித்தியாசம் வந்தால், எங்கள் ஆபீசில் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவோம். பம்ப் செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதனைதான் என் வேலை. மகளோடு ஒருவர் இருக்க வேண்டுமே என்று எனக்குக் காலை ஷிஃப்ட், அவருக்கு மாலை ஷிஃப்ட். ஒரு லாட், அதாவது ஒரு தொகுதிச் சரக்கு, வந்து இறங்கினால், மேலே அடுக்கி வைத்திருப்பதை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மொத்தமும் சரி என்று கையெழுத்துப் போடக் கூடாது. மேலே இருப்பவை நமக்குக் காட்டுவதற்காக வைத்தவை. அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் எடுக்க வேண்டும். இதைத் தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், சினிமாவுக்கு மட்டும் மேலே இருக்கிற எண்ணைப் பார்த்து டிக்கெட் எடுத்திருக்கிறேன். என் மேலேயே எனக்குக் கோபம்.

அந்த மாதம் மகள் தூங்குகிற மத்தியான நேரங்களில் உட்கார்ந்து கிளற ஆரம்பித்தேன்.

முதலில் தொண்ணூறு சதவீதம். அது படம் வாங்கின மார்க் இல்லை. எத்தனை விமர்சகர்கள் 'பார்க்கலாம்' என்ற பக்கம் கை தூக்கினார்கள் என்ற கணக்கு. எங்கள் ஊரில் பள்ளிக்கூடங்கள் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பெரிய பெரிய பேனர் கட்டும். அத்தனை பிள்ளைகளும் பாஸ் மார்க்கைத் தொட்டுக்கொண்டு தப்பித்திருந்தாலும் அது நூறு சதவீதம்தான். அதே மாதிரி, நூறு பேரும் 'ஏதோ பரவாயில்லை' என்று சொன்ன படத்துக்கு நூறு வரும். பாதிப் பேர் உயிரைக் கொடுத்துக் கொண்டாடி, பாதிப் பேர் தூக்கியெறிந்த படத்துக்கு ஐம்பதுதான் வரும். எனக்குப் பிடிக்கப்போவது ஒருவேளை அந்த ஐம்பதாக இருக்கலாம். சராசரி மார்க் என்ன என்று தேடினேன். இன்னொரு இடத்தில் தட்டினால்தான் திறக்கிறது. யார் தட்டப்போகிறார்கள்? நான் தட்டியதில்லை.

அதிலும் தமிழ்ப் படங்களுக்கு இந்தக் கூத்து இன்னும் மோசம். அந்த மாதிரித் தளத்தில் ஒரு தமிழ்ப் படத்துக்கு விமர்சனம் எழுதியிருப்பவர்கள் சில சமயம் ஐந்தே பேர். அதில் ஒருவர் அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் இருபது சதவீதம் காலி. எத்தனை பேர் சொன்னது என்று பார்க்காமல் சதவீதத்தைப் பார்ப்பது, ஒரே ஒரு பம்பைச் சோதித்துவிட்டு லாட்டை அனுப்புவது போலத்தான்.

அடுத்தது மக்கள் மதிப்பெண். யார் போடுகிறார்கள்? டிக்கெட் வாங்கினவர்கள் மட்டும்தான் போட முடியும் என்று சில செயலிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். நியாயம்தான், பார்க்காமலே திட்டுகிறவர்கள் உள்ளே வர முடியாது. ஆனால் டிக்கெட் வாங்கினவர் யார்? அந்த நடிகரை ஏற்கெனவே பிடித்தவர், அந்த மாதிரிப் படத்தை ஏற்கெனவே விரும்புகிறவர். பிடிக்காது என்று நினைத்தவர்கள் வரவே இல்லை, அவர்களுக்கு வாக்கும் இல்லை. பேய்ப் படத்துக்குப் போகிறவன் பேயைப் பார்க்கத்தான் போகிறான். பேய் வந்தால் ஐந்துக்கு ஐந்து. விமர்சகருக்கு அந்த வசதி இல்லை. பேயும் பார்க்க வேண்டும், பக்தியும் பார்க்க வேண்டும், வாரத்துக்கு நாலு படம் வேலையாகப் பார்க்க வேண்டும். பழிவாங்குகிற கதையை ஐம்பதாவது தடவை பார்க்கிறவருக்குச் சலிக்காமல் என்ன செய்யும்? அதனால் கொஞ்சம் புதுசாக எதையாவது செய்தால் அவர் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார். மாதத்துக்கு ஒரு படம் பார்க்கிற எனக்கு அந்தப் பழிவாங்கல் இன்னும் புளிக்கவில்லை. அவர் பசியும் என் பசியும் வேறு.

வாக்கு எப்போது விழுந்தது என்பதும் முக்கியம். முதல் நாள் முதல் காட்சிக்குப் போகிறவர்கள் படம் பார்க்கப் போவதில்லை, திருவிழாவுக்குப் போகிறார்கள். பாலாபிஷேகம் செய்த கையோடு போனில் ஐந்து போடுகிறார்கள். எதிர் நடிகரின் ஆட்கள், எங்கே டிக்கெட் இல்லாமல் போட முடியுமோ அங்கே போய் ஒன்று போடுகிறார்கள். சில தளங்கள் இப்படித் திடீரென்று குவிகிற வாக்குக்கு எடையைக் குறைத்துவிடும், எல்லாத் தளங்களும் அதைச் செய்வதில்லை. இரண்டாவது வாரம் குடும்பங்கள் போன பிறகு எண் மெல்ல இறங்கும். வீட்டு டிவியில் வந்த பிறகு, கிளம்பவும் செலவழிக்கவும் தேவையில்லாதவர்கள் பார்க்கும்போது இன்னும் இறங்கும், அபூர்வமாகச் சில படங்களுக்கு ஏறும். நாங்கள் விசில் சத்தத்தில் மாட்டின படம் அடுத்த மாதம் எத்தனையில் நின்றது என்று பார்த்தேன். நன்றாக இறங்கியிருந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமையை யார் திருப்பித் தருவார்கள்?

சராசரிக்குக் கீழே ஒரு பட்டை வரைபடம் இருக்கும். எத்தனை பேர் ஐந்து, எத்தனை பேர் நாலு, எத்தனை பேர் ஒன்று என்று. அந்தப் படத்துக்கு ஐந்திலும் ஒன்றிலும் மட்டும் பட்டை நீண்டு கிடந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. அதாவது சண்டை நடந்திருக்கிறது, யாரும் படத்தை அளக்கவில்லை. நடுவில் மூன்று நாலில் கூட்டம் இருந்தால்தான் ஆட்கள் நிதானமாக யோசித்துப் போட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஒன்று போட்டவர்கள் எழுதியதையும் படித்தேன். ஒருவர் பாப்கார்ன் விலைக்கு ஒன்று போட்டிருந்தார். இன்னொருவர் ஏசி வேலை செய்யவில்லை என்று போட்டிருந்தார். விளம்பரத்தில் சிரிப்பாகக் காட்டிவிட்டு உள்ளே அழ வைத்துவிட்டார்கள் என்று ஒரு பெண் போட்டிருந்தாள். அவள் கோபம் எனக்குப் புரிந்தது, ஆனால் அது படத்தின் மேல் இல்லை, விளம்பரத்தின் மேல். விமர்சகர் படத்தைப் பற்றி எழுதுகிறார். மக்கள் அந்தப் படத்தோடு தாங்கள் கழித்த அந்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறார்கள்.

இதையெல்லாம் என் கணவரிடம் ஆர்வமாகச் சொன்னேன். "அட, இவ்வளவு இருக்குதா" என்றார். பிறகு தண்ணி மோட்டார் போட்டாச்சா என்று கேட்டார்.

என் குட்டு உடைந்தது அதற்கு அடுத்த வாரம். இல்லை, அவர் குட்டு. மளிகை வாங்க அவருடைய போனை வாங்கினேன், அதில் அந்த டிக்கெட் செயலி திறந்துகொண்டது. நாங்கள் பார்த்த படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் நட்சத்திரம் போட்டிருந்தார். விசில் படத்துக்கு ஐந்து. கடற்கரைப் படத்துக்கு ஐந்து. அதற்கு முன்னால் ஒரு படம், பாதியிலேயே எழுந்து வந்தோம், அதற்கும் ஐந்து.

"ஏனுங்க, என்ன இது?"

"அது கேட்டுச்சு, போட்டுட்டேன்."

"தூங்கின படத்துக்கு அஞ்சா?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "இல்ல கண்ணு, அவங்களும் எத்தன பேரு கஷ்டப்பட்டு எடுத்திருப்பாங்க. நம்ம போய்க் குறை சொல்லிப்போட்டு என்ன ஆகப்போகுது? கம்மியா போட்டா மனசு நோகுமில்லீங்களா?"

என் கோபத்தைப் பார்த்ததும் எனக்கே 'ங்க' போட்டுப் பேசினார், கவனியுங்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. கல்யாண வீட்டில் கை கழுவிவிட்டு வருகிறவரிடம் பெண்ணின் அப்பா, "சாப்பாடு எப்படிங்க?" என்று கேட்பார். ரசத்தில் உப்பே இல்லாவிட்டாலும், "அருமைங்க, ஒண்ணும் குறையில்லீங்க" என்றுதான் பதில் வரும். உப்பைப் பற்றிய பேச்சு திரும்பி வருகிற காரில் நடக்கும். கோயம்புத்தூரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை. அது நல்ல குணம்தான், நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் அந்த மரியாதையைக் கொண்டுபோய் ஒரு போனுக்கும் காட்டினால்? இவரைப் போல இந்த ஊரில் எத்தனை பேர் தூங்கி எழுந்து ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார்கள், அதை நம்பி எத்தனை பேர் டிக்கெட் எடுத்திருப்பார்கள்? நானே இவரைப் போல யாரோ ஒரு வீட்டுக்காரர் போட்ட ஐந்தை நம்பித்தான் போயிருக்கிறேன் போல. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது? அன்றைக்குச் சமைத்து முடிக்கிற வரைக்கும் கத்தினேன். அவர், "சரீங்க, சரீங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு என் வழியை மாற்றினேன். எண்ணைக் கடைசியாகத்தான் பார்ப்பது. முதலில் மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதினதைப் படிப்பேன். ஐந்து போட்டவர் காதலிக்கிறார், ஒன்று போட்டவர் பழிவாங்குகிறார், மூன்று போட்டவர்தான் என்ன இருந்தது, என்ன இல்லை என்று சொல்கிறார். விமர்சகரிடம் தீர்ப்பைக் கேட்பதை விட்டுவிட்டேன். விவரம் கேட்பேன். 'வேகம் குறைவு, குடும்பத்துக்குள் நடக்கிற சின்னச் சின்னச் சண்டைகளையே சுற்றி வருகிறது, புதிதாக எதுவும் இல்லை' என்று அவர் அலுத்துக்கொண்டு இரண்டு போட்டால், எனக்கு அது அழைப்பிதழ். ஒரு விமர்சகரை எப்போதும் பின்பற்றுகிறேன். அவருக்கும் எனக்கும் ஒத்தே போகாது. அவர் 'மலிவான நகைச்சுவை' என்று எழுதினால் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன், இதுவரை அநேகமாகத் தப்பியதே இல்லை. இப்படி நிலையாக எதிராக இருக்கிறவரும் நம்பகமான கருவிதான், தப்பு எந்தப் பக்கம் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்ட படம் என்றால் பயமில்லாமல் போகலாம். விமர்சகர் ஏற்றி, மக்கள் இறக்கியிருந்தால், ஒன்று விளம்பரம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கும், அல்லது படம் நம்மிடம் வேலை வாங்கும். மக்கள் ஏற்றி விமர்சகர் இறக்கியிருந்தால், வந்தவர்கள் எதற்காக வந்தார்கள், நமக்கும் அதுதான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் வாரம் எதையும் தொடுவதில்லை.

அப்படித் தேர்ந்தெடுத்துப் போன படம் பலித்தது. பங்காளிச் சண்டையில் ஒரு ஆட்டுக்குட்டி மாட்டிக்கொள்கிற கதை. விமர்சகர்கள் முகம் சுளித்திருந்தார்கள், இரண்டாவது வாரத்திலும் எண் இறங்கவில்லை, நடுப் பட்டைகள் கனமாக இருந்தன. நாங்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வண்டியில் வரும்போது, "எப்படிங்க?" என்றேன். "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலே அந்தக் குட்டி சோபாவில் படுத்துக்கொண்டதைச் சொல்லி மறுபடியும் சிரித்தார். அப்போதுதான் நம்பினேன். அவர் எப்போதும் சொல்கிற பரவால்லைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் குட்டிதான். ஒரு விவரம் கூட வந்தால் பாராட்டு உண்மை.

அதே சந்தோஷத்தில்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். மகள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தன் நீல டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். நங்கை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"எப்படிங்க இருந்தா இன்னைக்கு?" என்றேன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"தங்கமாட்ட இருந்தா அம்மணி. ஒரு தொந்தரவும் இல்ல."

எல்லா மாதமும் இதே பதில். எல்லா மாதமும் நானும், "அப்பாடா" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போவேன். அன்றைக்குப் பற்ற வைத்த அடுப்பை உடனே அணைத்தேன். மூன்று வருடமாக ஐந்து நட்சத்திரம். நடுப் பட்டையே இல்லை. ஒரு தடவைகூட ஒரு விவரம் இல்லை. பெற்றவள் நான், என்னிடம் அவள் ஒரு நாள்கூடத் தங்கமாக இருந்ததில்லை. இவரிடம் மட்டும் எப்படி?

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி என்று கேட்கவில்லை. "மத்தியானம் சாப்பிட்டப்ப என்ன பண்ணினா?" என்றேன்.

"சாப்பிட்டாளே."

"தட்டு எங்க கெடந்துச்சு?"

நங்கை என் முகத்தைப் பார்த்தார். "கொஞ்சம் கொட்டிப்போட்டா. அதுக்கென்ன, தொடச்சாச்சு."

"குளிக்க வெச்சப்போ?"

நங்கை முந்தானையை இழுத்துக் கையை மூடினார். அவர் முந்தானைக்குள் வைத்திருந்த வலது கையை எடுத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கியிருந்தது. பழைய பல் தடம் ஒன்றும் புதுத் தடம் ஒன்றும் இருந்தன. கையில் வளையல் இல்லை. சூலூரில் நங்கை வளையல் இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை, ஆனால் எங்கள் வீட்டுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வளையலோடு வந்ததை எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. கண்ணாடி உடைந்து பிள்ளைக்குக் குத்திவிடும் என்று பஸ் ஏறும் முன்பே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"ஏனுங்க சொல்லல?"

"என்னத்தச் சொல்றது அம்மணி. புள்ள வளந்துட்டா, பலம் வந்துருச்சு. முன்ன மாதிரி என்னால புடிக்க முடியறதில்ல. அவ்வளவுதான். சொன்னா நீங்க போவீங்களா? உங்களுக்கும் இது ஒண்ணுதானே இருக்குது."

எனக்கு அழுகையை விடக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இந்த ஊரின் மரியாதை மேல், பரவால்லை மேல், வளர்ந்துவிட்ட என் மகளின் கைகள் மேல். ஊரில் உள்ள மதிப்பெண்களை எல்லாம் அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் எடுத்துப் பார்த்தவள், என் வீட்டுக்குள் மேலே இருந்ததை எடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கணவர் அக்காவின் கையைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பரவால்லை என்று சொல்லவில்லை.

அதோடு எங்கள் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. இருவரும் சேர்ந்து வெளியே போக இனி வழியில்லை. வேறு ஆள் கிடைக்குமா என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அடுத்த மாதம் நங்கை வழக்கம் போல வந்து இறங்கினார். என் கணவர் சட்டையை மாற்றாமல் மகளோடு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "நீங்க ரெண்டு பேரும் பொறப்படுங்க" என்றார், என்னையும் அக்காவையும் பார்த்து. நங்கை எவ்வளவோ மறுத்தார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

படத்தை அவசரத்தில் எடுத்தேன். பட்டையும் பார்க்கவில்லை, மூன்று நட்சத்திரமும் படிக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்கிற நேரத்துக்கு அது ஒன்றுதான் ஓடியது. மகா அறுவை. முதல் அரை மணியிலேயே கதை எனக்குத் தெரிந்துவிட்டது. எரிச்சலோடு நங்கையின் பக்கம் திரும்பினேன். பின்னால் சாய்கிற அந்த நாற்காலியில் கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். திரையில் என்னவெல்லாமோ வெடித்தது, தறிக்குப் பக்கத்தில் இருந்து பழகின காது அசையவில்லை. கையில் வளையல் இருந்தது.

விளக்குப் போட்டதும் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"எப்படிங்க இருந்துச்சு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"நல்ல படம் அம்மணி."

காத்திருந்தேன். விவரம் வருகிறதா என்று.

"இப்படிக் கால நீட்டி உக்காந்து எத்தன வருசம் ஆச்சு" என்றார்.

படி இறங்கும்போது என் போன் மதிப்பெண் கேட்டது. என் கணக்கில் அந்தப் படத்துக்கு ஒன்று. நங்கையிடம் காட்டி, "எத்தனை போடட்டும்?" என்றேன்.

"முழுசாப் போடு."

போட்டேன். அதை நம்பி யாராவது ஒரு வீட்டுக்காரி தன் ஒரே ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கப் போகிறாள், என்னை வாயாரத் திட்டப் போகிறாள். திட்டட்டும். அந்த ஐந்தில் மரியாதைக்காகப் போட்டது ஒன்றுகூட இல்லை.